விற்பனைக் கணக்கு உதைக்கிறதா? அறிகுறி பார்த்து விலைத் தேடலைச் சரிசெய்வது

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு மாதக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். கடையை நடத்துவது ஒரு ஆச்சி. போன தடவை பில் மெஷின் காட்டிய மாத மொத்தம் 1,48,300 ரூபாய். அதே விற்பனையை வைத்து எக்செல்லில் போட்ட அறிக்கை காட்டியது 1,37,640. நடுவில் 10,660 ரூபாயைக் காணோம்.

"தம்பி, பணம் குறையுதா, கணக்குக் குறையுதா?" என்று கேட்டார் ஆச்சி. பெட்டியில் பணம் சரியாகவே இருந்தது. கணக்குதான் உதைத்தது.

அந்த 10,660 மூன்று வெவ்வேறு கோளாறுகளின் கூட்டுத்தொகை என்பது தோண்டிய பிறகுதான் தெரிந்தது. மூன்றும் விலையைத் தேடி எடுக்கும் ஃபார்முலாவில் வந்தவை, மூன்றுக்கும் அறிகுறி வேறு. அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விலைகளை உதாரணத்துக்கு ஏற்ற மாதிரி முழு எண்ணாக்கி இருக்கிறேன்.

முதலில் ஷீட்களின் அமைப்பு. `Vilai` என்ற ஷீட்டில் விலைப் பட்டியல்: A பத்தியில் குறியீடு, B-யில் பலகாரத்தின் பெயர், C-யில் கிலோ விலை. மொத்தம் 47 சரக்கு, வரி 2 முதல் 48 வரை. விற்பனை ஷீட்டில் A தேதி, B குறியீடு, C எத்தனை கிலோ, D விலை, E தொகை. வரி 2 முதல் 401 வரை. D-யில் தேடல் ஃபார்முலா, E-யில் C-யையும் D-யையும் பெருக்கிய விடை. அவ்வளவுதான்.

பெயரை வைத்துத் தேடாமல் குறியீட்டை வைத்துத் தேடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு: இங்கே ஒருவர் தேன்குழல் என்று எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் தேங்குழல் என்பார். வாய்க்கு இரண்டும் ஒரே ருசி, எக்செல்லுக்கு இரண்டும் வேறு வேறு சரக்கு.

மொத்தம் குறைகிறது, ஆனால் ஒரு செல்லிலும் பிழை தெரியவில்லை

கடையில் இருந்த ஃபார்முலா இது:

```
=IFERROR(VLOOKUP(B2,Vilai!$A$2:$C$48,3,FALSE),0)
```

விலை கிடைக்காவிட்டால் பூஜ்யம் போடு என்கிறது வெளியே இருக்கும் `IFERROR`. யாரோ அறிக்கை அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். விளைவு, பலகாரம் விற்றிருக்கிறது, விலை 0, தொகை 0, மொத்தத்தில் ஓட்டை. நோயாளிக்குக் காய்ச்சல் மானியைப் பிடுங்கிவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பது போல.

எனவே வேறு எதையும் தொடும் முன் `IFERROR`-ஐ எடுத்துவிடுங்கள். D2-வில் உள்ளே இருக்கும் `VLOOKUP`-ஐ மட்டும் வைத்துக் கீழே வரை இழுத்து நிரப்பலாம். ஆனால் முழுவதையும் ஒரே ஃபார்முலாவால் மூடும் முன் நடுவில் ஓரிரண்டு செல்லைத் தட்டிப் பாருங்கள், எல்லா வரியிலும் ஒரே ஃபார்முலாதான் இருக்கிறதா என்று. நான் பார்த்தபோது 212-ஆம் வரியிலிருந்து ஃபார்முலா கொஞ்சம் மாறியிருந்தது. அது பின்னால் உதவியது. ஆகவே இரண்டு பாதியையும் தனித்தனியாக `IFERROR` மட்டும் நீக்கி நிரப்பினேன். பிறகு எத்தனை வரி விழுந்தது என்று எண்ண:

```
=SUMPRODUCT(--ISNA(D2:D401))
```

எனக்கு 11 வந்தது. E பத்தியின் மொத்தமும் `#N/A` ஆகிவிடும், பயப்பட வேண்டாம். D-யில் ஃபில்டர் போட்டு `#N/A` வரிகளை மட்டும் பார்த்தேன். 8 வரியில் குறியீடு 12, மீதி 3 வரியில் 109. இரண்டுமே விலைப் பட்டியலில் இருக்கும் சரக்குகள்தான்.

குறியீடு கண்ணெதிரே பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் #N/A

012 என்பது கைமுறுக்கு. மற்றவை எல்லாம் 101-இலிருந்து தொடங்க, இது மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. மாற்றலாமே என்றேன். "கைமுறுக்குன்னா பன்னெண்டுதான், பில் போடுற பிள்ளைக்கு அது விரல்லயே இருக்கு" என்றார் ஆச்சி. சரி, நியாயம்தான்.

விலைப் பட்டியலில் 012 என்று அடித்தால் எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும் என்பதால், மேற்கோள் குறி ஒன்றை முன்னால் வைத்து `'012` என்று உள்ளிட்டிருக்கிறார்கள். அதனால் அது எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. விற்பனையோ பில் மெஷினிலிருந்து சிஎஸ்வி கோப்பாக வருகிறது. அதை இருமுறை தட்டித் திறந்தாலே எக்செல் 012-ஐ எண்ணாக எடுத்துக்கொண்டு 12 ஆக்கிவிடும். எண் 12-க்கும் எழுத்து "012"-க்கும் `VLOOKUP`-இன் கண்ணில் சம்பந்தமே இல்லை. இரு பக்கமும் 101 என்றே இருந்து, ஒன்று எண், மற்றொன்று எழுத்து என்றாலும் இதே கதிதான்.

இதில் கண்ணை நம்பக் கூடாது. செல்லுக்கு `000` என்று ஃபார்மேட் கொடுத்திருந்தால் உள்ளே 12 இருந்தாலும் திரையில் 012 என்றே காட்டும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விடை வராத செல்லுக்குப் போய், மேலே ஃபார்முலா பட்டையில் `B2` என்ற பகுதியை மட்டும் மவுஸால் தேர்ந்து `F9` அழுத்துங்கள். அந்த இடத்தில் உள்ளே இருக்கும் உண்மையான மதிப்பு தெரியும். எண் என்றால் வெறுமே `12` என்று வரும், எழுத்து என்றால் மேற்கோள் குறியோடு `"012"` என்று வரும். பார்த்து முடித்ததும் `Esc` அழுத்தி வெளியேறுங்கள். பழக்கதோஷத்தில் `Enter` தட்டிவிட்டால் ஃபார்முலாவில் அந்த மதிப்பே நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

இன்னொரு குழப்பம். பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க `COUNTIF` போடுபவர்கள் உண்டு. அது 1 என்று சொல்லும். ஏனென்றால் `COUNTIF` எண் போலத் தெரியும் எழுத்தையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். `VLOOKUP` அப்படிச் செய்யாது. ஆக `COUNTIF` 1 என்றும் `VLOOKUP` `#N/A` என்றும் சொன்னால், முதல் சந்தேகம் எண்-எழுத்து வேறுபாட்டின் மேல்தான் விழ வேண்டும்.

திருத்தும்போது பலர் செல்லைத் தேர்ந்து ஃபார்மேட்டை Text என்றோ Number என்றோ மாற்றிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பது அதனால் மாறாது, மறுபடி அடித்தால்தான் மாறும். குறியீட்டைக் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. எனவே இரு பக்கமும் மூன்று இலக்க எழுத்தாகவே வைத்துக்கொள்வது என் வழக்கம். விலைப் பட்டியலில் ஒரு காலிப் பத்தியில்

```
=TEXT(A2,"000")
```

என்று போட்டு 48 வரை நிரப்பி, விடைகளை நகலெடுத்து, A பத்தியின் மேல் Paste Special-இல் Values ஆக ஒட்டினேன். காலிப் பத்தியை அழித்தாயிற்று. இப்போது 012 முதல் 147 வரை எல்லாமே எழுத்து. விற்பனைப் பக்கத்தை அடுத்த அறிகுறியோடு சேர்த்தே முடித்துவிடலாம்.

ஒரே குறியீடு சில வரியில் விலை தருகிறது, சில வரியில் தரவில்லை

109 மாவுருண்டை. மற்ற நாட்களில் அதே 109-க்கு 380 ரூபாய் ஒழுங்காக வந்திருக்கிறது. அந்த 3 வரியில் மட்டும் `#N/A`. இப்படி ஒரே குறியீடு ஒரு இடத்தில் வேலை செய்து இன்னொரு இடத்தில் செய்யாவிட்டால், விலைப் பட்டியலில் குற்றம் இல்லை. அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். கேட்டேன். வெளியூர் ஆர்டர்கள், வாட்ஸ்அப் வெப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியவை.

உடனே நீளத்தைப் பார்த்தேன். `=LEN(B31)` என்றதற்கு 4 வந்தது. கண்ணுக்கு மூன்று எழுத்து, எக்செல்லுக்கு நான்கு. கடைசி எழுத்து என்ன என்று கேட்க:

```
=UNICODE(RIGHT(B31,1))
```

விடை 32 என்றால் நாம் தட்டும் சாதாரண இடைவெளி. `TRIM` போட்டால் போய்விடும். எனக்கு வந்தது 160. வரி உடையாமல் இருக்க இணையப் பக்கங்களில் போடும் இடைவெளி அது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் `TRIM` அதைத் தொடவே தொடாது. "டிரிம் போட்டேன் சார், போகலை" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான். தனியாக `SUBSTITUTE` வைத்து எடுக்க வேண்டும்.

விற்பனை ஷீட்டில் F பத்தியைத் தூய்மையான குறியீட்டுக்கு ஒதுக்கி, மூன்று வேலையையும் ஒரே ஃபார்முலாவில் வைத்தேன்:

```
=TEXT(TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160),"")),"000")
```

உள்ளிருந்து வெளியே படியுங்கள். முதலில் 160 போகிறது, பிறகு சாதாரண இடைவெளி போகிறது, கடைசியில் மூன்று இலக்கமாகிறது. 12 என்ற எண் "012" ஆகும், வாலில் இடைவெளியோடு வந்த 109 வெறும் "109" ஆகும். இனி D பத்தி B-யைப் பார்க்காமல் F-ஐப் பார்க்க வேண்டும். B-யில் இருக்கும் மூலத்தை நான் அழிப்பதில்லை. பின்னால் தகராறு வந்தால் வந்தபடி இருந்ததைக் காட்ட வேண்டுமே.

இதற்குப் பிறகு `#N/A` ஒன்றுகூட இல்லை. கைமுறுக்கு 18 கிலோ, 320 வீதம் 5,760. மாவுருண்டை 7 கிலோ, 380 வீதம் 2,660. இரண்டும் சேர்ந்து 8,420 ரூபாய் திரும்பி வந்தது. ஆனால் மொத்தம் 1,46,060-இல் நிற்கிறது. இன்னும் 2,240 ரூபாய் இடிக்கிறது, பிழை காட்டும் செல் எதுவும் மிச்சமில்லை.

விலை வந்திருக்கிறது, ஆனால் அது வேறு சரக்கின் விலை

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். `#N/A` வந்தால் அது கத்தி ஊரைக் கூட்டும். இது சத்தமில்லாமல் தப்பான விலையைக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

212-ஆம் வரியிலிருந்து ஃபார்முலா மாறியிருந்தது என்றேன் அல்லவா? `IFERROR`-ஐ எடுத்து, F-க்கு மாற்றிய பிறகு அங்கே இருந்தது:

```
=VLOOKUP(F212,Vilai!$A$2:$C$48,3)
```

கடைசியில் `FALSE` இல்லை. மாத நடுவில் வேறொருவர் எழுதி இழுத்திருக்கிறார். நான்காவது இடத்தை எழுதாமலே விட்டால் எக்செல் அதை `TRUE` என்று எடுத்துக்கொள்ளும். அதன் பொருள்: சரியாக இதே குறியீடு இல்லாவிட்டால், இதற்குச் சற்றுக் கீழே இருக்கும் குறியீட்டின் விலையைக் கொடு. அதுவும் பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பித் தேடும். பட்டியல் வரிசை மாறிக் கிடந்தால் என்ன விடை வரும் என்று சொல்லவே முடியாது. பட்டியலில் இருக்கும் குறியீட்டுக்கே கூடத் தப்பான விலையோ `#N/A`-வோ வரலாம்.

எங்கள் பட்டியல் வரிசையாகத்தான் இருந்தது. அப்படியானால் எந்தக் குறியீடு பட்டியலில் இல்லாமல் போனது? அதைக் கண்டுபிடிக்க, மூன்றாவது பத்திக்குப் பதில் முதல் பத்தியையே திருப்பித் தரச் சொன்னேன். அதாவது, நீ எந்தக் குறியீட்டைப் பிடித்தாய் என்று அதனிடமே கேட்பது:

```
=VLOOKUP(F212,Vilai!$A$2:$C$48,1)=F212
```

கேட்ட குறியீடும் பிடித்த குறியீடும் ஒன்றானால் `TRUE`. கீழே வரை நிரப்பி `FALSE` வரிகளை மட்டும் பிரித்தேன். 9 வரி வந்தது, எல்லாமே 118.

118 முன்பு ஏதோ ஒரு சரக்கின் எண். அதை நிறுத்தியதும் பட்டியலில் அந்த வரியையும் அழித்துவிட்டார்கள். மாத நடுவில் கருப்பட்டி அதிரசம் போட ஆரம்பித்தபோது, சும்மா கிடக்கும் எண்தானே என்று பில் மெஷினில் 118-ஐக் கொடுத்துவிட்டார்கள். விலைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஃபார்முலா 118-ஐத் தேடி, கிடைக்காமல், ஒரு படி கீழே இறங்கி 117-ஐப் பிடித்தது. 117 சீப்புச் சீடை, கிலோ 400. அதிரசத்தின் விலை 560. கிலோவுக்கு 160 குறைவு, விற்றது 14 கிலோ, ஆக 2,240.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்தத்தில் இடிக்கும் தொகை இரண்டு சரக்குகளின் விலை வித்தியாசத்தால் மீதமின்றி வகுபடுகிறதா என்று பார்ப்பது. பேரேடு எழுதிய காலத்துக் கணக்குப்பிள்ளைகள் இடம் மாறி எழுதிய எண்ணை 9-ஆல் வகுத்துப் பிடிப்பார்களே, அதே மாதிரியான மோப்பம். எப்போதும் பலிக்காது. பலித்தால் அரை மணி நேரம் மிச்சம்.

திருத்தம் இரண்டு. ஃபார்முலாவில் `FALSE` சேர்ப்பது, பட்டியலில் 118-ஐச் சேர்ப்பது. இதே வரிசையில் செய்யுங்கள். `FALSE` சேர்த்ததும் அந்த 9 வரியும் `#N/A` ஆக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் நீங்கள் பிடித்தது சரியான திருடனைத்தான். பிறகு பட்டியலில் 117-க்கும் 119-க்கும் இடையில் ஒரு வரி செருகி, `'118` என்று எழுத்தாகச் சேர்த்தால் விலை வந்துவிடும், வரம்பும் தானாக `$C$49` வரை நீளும். பட்டியலின் கடைசிக்குக் கீழே போய் எழுதினால் வரம்பு நீளாது, அந்தச் சரக்கு வெளியே நிற்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் `Vilai!$A:$C` என்று முழுப் பத்தியையும் கொடுத்துவிடலாம்.

மொத்தம் 1,48,300. பைசா சுத்தமாகப் பில் மெஷினோடு நின்றது.

அப்படியானால் `TRUE` எதற்கு என்றால், கல்யாண ஆர்டருக்கு 10 கிலோவுக்கு மேல் ஒரு விலை, 25 கிலோவுக்கு மேல் ஒரு விலை என்று படிப்படியாக வைத்திருந்தால் அதற்கு அதுதான் சரி. 17 கிலோ கேட்டவருக்கு 10 கிலோ படியின் விலை கிடைக்க வேண்டும். குறியீட்டுத் தேடலுக்கு அது ஒருபோதும் ஆகாது.

மேலே சரி, கீழே போகப் போக #N/A பெருகுகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வரம்பில் `$` இல்லை. `Vilai!A2:C48` என்று எழுதிக் கீழே இழுத்தால் அடுத்த வரியில் அது `A3:C49` ஆகும். 30-ஆம் வரிக்கு வரும்போது `A30:C76`. பட்டியலின் மேல் பாதிச் சரக்குகள் எல்லாம் பார்வைக்கு வெளியே போயிருக்கும். அதே குறியீடு மேலே விலை தந்து கீழே தராது. வாட்ஸ்அப் கதையும் இப்படித்தான் தெரியும் என்பதால், கீழ் வரியின் ஃபார்முலாவைத் திறந்து வரம்பைப் படித்துப் பார்ப்பது நல்லது. வரம்பைத் தேர்ந்து `F4` தட்டினால் `$` விழும். சில லேப்டாப்பில் `Fn` சேர்த்து அழுத்த வேண்டும்.

நேற்று வரை சரி, இன்று எல்லாத் தொகையும் ஏறுமாறு

இது தேவகோட்டைக் கிளையில் நடந்தது. அங்கே பாக்கெட் வியாபாரம்தான் அதிகம். விலைப் பட்டியலில் பெயருக்கும் விலைக்கும் நடுவில், பாக்கெட் எத்தனை கிராம் என்று ஒரு பத்தியைச் செருகினார்கள். எக்செல் வரம்பை `$A$2:$D$48` என்று தானே நீட்டிக்கொண்டது. ஆனால் ஃபார்முலாவில் இருக்கும் 3 என்ற எண்ணை அது தொடாது. மூன்றாவது பத்தி இப்போது விலை அல்ல, எடை.

தட்டை 250 கிராம் பாக்கெட் 90 ரூபாய். 20 பாக்கெட்டுக்கு 1,800 வர வேண்டிய இடத்தில் 5,000 வந்தது. எடைப் பத்தியில் எழுத்து இருந்திருந்தால் பெருக்கும் இடத்தில் `#VALUE!` என்று உடனே தெரிந்திருக்கும். 250, 500 என்பவை விலை போலவே இருந்ததால் ஒரு வாரம் யாருக்கும் உறைக்கவில்லை. தலைகீழாக, இடையில் ஒரு பத்தியை அழித்திருந்தால் மூன்றாவது பத்தியே இல்லாமல் போய் `#REF!` வரும். அது தேவலை.

3-ஐ 4 ஆக்கினால் இன்றைக்குச் சரியாகும், அடுத்த பத்தி செருகும்வரை. எண்ணிச் சொல்லும் வேலையே இல்லாமல் செய்ய:

```
=INDEX(Vilai!$D:$D,MATCH(F2,Vilai!$A:$A,0))
```

`MATCH` குறியீடு எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது, `INDEX` விலைப் பத்தியின் அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறது. பத்தி செருகினால் `$D:$D` தானாக `$E:$E` ஆகும். கடைசியில் இருக்கும் 0 இங்கே `FALSE`-இன் வேலையைச் செய்கிறது. அதை விட்டுவிட்டால் அதிரசக் கதை மறுபடி.

எக்செல் 2021 அல்லது மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு `XLOOKUP` இருக்கிறது. அது சொல்லாமலே சரியான பொருத்தத்தைத்தான் தேடும், பத்தி எண்ணும் கேட்காது. ஆனால் கடையில் 2016 பதிப்பு, ஆடிட்டர் ஆபீஸில் 365 என்றிருந்தால், அங்கே எழுதிய `XLOOKUP` இங்கே மறுபடி கணக்கிடும்போது `#NAME?` என்று நிற்கும். கோப்பு இரண்டு இடத்துக்கும் போய்வரும் என்றால் `INDEX`, `MATCH` ஜோடியே நிம்மதி.

விலையை ஏற்றினேன், பழைய விலையே வருகிறது. அல்லது போன மாதக் கணக்கு மாறிவிட்டது

எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் பிறப்பவை. தீபாவளிக்கு முன் எண்ணெய் விலை ஏறியதால் தேன்குழலுக்கு விலை கூட்டினார் ஆச்சி. பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை பழைய வரியை அழிக்காமல் கீழே புதிதாக 101 என்று இன்னொரு வரி எழுதினான். `VLOOKUP`, `MATCH` இரண்டும் மேலிருந்து தேடி முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாவது 101 இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. பட்டியலில் ஒரு காலிப் பத்தியில் `=COUNTIF($A$2:$A$60,A2)` என்று நிரப்பி, 1-க்கு மேல் வருவதைப் பார்த்தால் இரட்டை வரிகள் அகப்படும்.

சரி, அவன் பழைய விலையின் மேலேயே புது விலையை அடித்திருந்தால்? அப்போது ஃபார்முலா இருக்கும் எல்லா மாதமும் புது விலைக்கு மாறிவிடும். ஆவணியில் 360-க்கு விற்ற தேன்குழல் 400-க்கு விற்றதாகக் கணக்கு காட்டும். போன மாதம் ஒத்துப்போன மொத்தம் இந்த மாதம் திறந்தால் உதைக்கும்.

எளிய வழி, மாதம் முடிந்து பில் மெஷினோடு ஒத்துப் பார்த்தவுடன் D பத்தியை நகலெடுத்து அதே இடத்தில் Values ஆக ஒட்டிவிடுவது. ஃபார்முலா போய் விலை உறைந்துவிடும். பெரும்பாலான கடைகளுக்கு இதுவே போதும்.

மாத நடுவில் விலை மாறும் கடைக்கு இது போதாது. ஆச்சி கடை அந்த ரகம். அங்கே பழைய விலையை அழிக்க வேண்டாம், அந்தப் பிள்ளை செய்தது போல் கீழே புது வரியே எழுதட்டும், குறியீட்டை மட்டும் `'101` என்று எழுத்தாக அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கூடுதலாக E பத்தியில் அந்த விலை எந்தத் தேதியிலிருந்து என்று குறிக்க வேண்டும். எடைப் பத்தி இந்தப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டதால் விலை இப்போது D-யில். விற்பனை ஷீட்டில்:

```
=LOOKUP(2,1/((Vilai!$A$2:$A$200=F2)*(Vilai!$E$2:$E$200<=A2)),Vilai!$D$2:$D$200)
```

குறியீடும் பொருந்தி, விலைத் தேதி விற்பனைத் தேதிக்கு முன்போ அன்றோ இருக்கும் வரிகளில் மட்டும் உள்ளே 1 வரும். மற்றவற்றில் பூஜ்யத்தால் வகுத்த பிழை வரும். 2-ஐத் தேடச் சொன்னால் 2 எங்கும் இல்லாததால், கடைசியாக இருக்கும் 1-இல் போய் `LOOKUP` நிற்கும். அதாவது அன்றைக்கு நடப்பில் இருந்த கடைசி விலை. புது விலையை எப்போதும் கீழேதான் எழுத வேண்டும் என்பது இதன் நிபந்தனை. பட்டியலைப் பெயர் வாரியாக யாராவது வரிசைப்படுத்தினால், ஒரே சரக்கின் இரண்டு வரி முன்பின்னாகப் புரளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் விலை தொடங்கும் தேதிக்கு முந்தைய விற்பனை என்றால் `#N/A` வரும், அது சரிதான்.

இதை மாட்டிவிட்டு வந்த மறுவாரம் ஒரு போன். ஏற்றுவதற்கு முந்தைய விற்பனைக்கும் 400 வருகிறது என்று. போய்ப் பார்த்தால் குறியீட்டில் பழுதில்லை, இந்தத் தடவை தேதி. சிஎஸ்வியில் 18/09 என்று வந்ததை, அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் படிக்கும்படி இருந்த அந்தக் கணினி தேதியாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொண்டது. எக்செல்லில் எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது. எனவே எல்லா விலைத் தேதியும் அந்த "தேதி"க்கு முன்னால் வந்ததாகி, கடைசி விலையே கிடைத்தது. `=ISNUMBER(A2)` என்று A பத்திக்கு நேரே நிரப்பினால் `FALSE` வரும் வரிகள் அவைதான். A பத்தியைத் தேர்ந்து Data மெனுவில் Text to Columns, மூன்றாவது படியில் Date, அதில் DMY. 12-க்குள் இருக்கும் நாட்கள் மட்டும் இந்தத் திருத்தத்துக்கு அடங்காது. 05/09-ஐ அந்தக் கணினி ஏற்கெனவே மே 9 என்று தேதியாக்கி வைத்திருந்தது, `ISNUMBER` அதற்கு `TRUE` என்றே சொல்லும். அதனால் விண்டோஸில் Region அமைப்பை English (India) ஆக்கிவிட்டு, அந்த சிஎஸ்வியையே மறுபடி திறந்து ஒட்டினோம்.